கிரேக்க மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒரு பழைய அர்மீனிய வேதவரியை உருபு பிடித்து வாசிப்பது எப்படி?

பழைய அர்மீனியத்தை அர்மீனியர்கள் கிரபார் என்கிறார்கள். அதன் எழுத்தைச் சொல்லித்தரும் பக்கங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. வேற்றுமைப் பட்டியல்களும் கிடைக்கும். எழுத்தும் பட்டியலும் தெரிந்த பிறகு ஒரு வரியை முன்னால் வைத்தால் எங்கே கை வைப்பது என்றுதான் யாரும் சொல்வதில்லை. நான் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்த வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்குக் கிரேக்கம் கொஞ்சம் தெரியும், அதாவது எழுத்துக்கூட்டி வாசிக்கவும் முக்கியமான பெயர்ச்சொல் விகுதிகளை அடையாளம் காணவும் முடியும் என்று வைத்துக்கொள்கிறேன். அர்மீனியம் சுத்தமாகத் தெரியாது என்றாலும் பரவாயில்லை.

எடுத்துக்கொள்ளும் வரி நீதிமொழிகள் 1:2. மெஸ்ரொப் மஷ்டொட்ஸ் அர்மீனிய எழுத்தை உருவாக்கியதும் முதலில் மொழிபெயர்க்கப்பட்ட வாக்கியம் இதுதான் என்று அவருடைய மாணவர் கோரியுன் எழுதியிருக்கிறார். நான் இதைத் தேர்ந்ததற்கு அது காரணமில்லை. ஏழே சொற்கள், நான்கு பெயர்கள், மூன்று விதமான முடிவுகள். தொடங்குகிறவருக்கு இதைவிடக் கச்சிதமான வரி கிடைப்பது கஷ்டம்.

```
Ճանաչել զիմաստութիւն եւ զխրատ, իմանալ զբանս հանճարոյ
γνῶναι σοφίαν καὶ παιδείαν νοῆσαί τε λόγους φρονήσεως
```

அர்மீனிய வரியை ஏறக்குறைய இப்படி வாசிக்கலாம்: சனச்செல் ஃஸிமஸ்துதியூன் யெவ் ஃஸ்க்ரத், இமனல் ஃஸ்பன்ஸ் ஹன்சரொய். ஃஸ் என்று எழுதியிருப்பது ரீங்காரத்தோடு ஒலிக்கும் ஸகரம், சாதாரண ஸ் அல்ல. இந்த இரண்டையும் கடைசிவரை தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அர்மீனியத்தில் இவை வெவ்வேறு எழுத்துகள், வெவ்வேறு வேலை செய்கிறவை.

1. என்னென்ன வேண்டும், எவ்வளவு செலவு

பணம் எதுவும் செலவழிக்க வேண்டாம். நான்கு விஷயங்கள் போதும்.

முதலாவது அர்மீனிய மூலம். 1805-இல் வெனிஸ் நகரத்துப் புனித லாசரஸ் தீவில் அச்சான சோராப் பதிப்பைத்தான் இன்றும் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதன் வருடல் படிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது கிரேக்க மூலம், அதாவது பழைய ஏற்பாட்டின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து. ரால்ஃப்ஸ் பதிப்பை ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் தளத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். மூன்றாவது அகராதி. nayiri.com தளத்தில் பழைய அகராதிகளின் பக்கங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் இரண்டு நமக்கு உதவும். ஒன்று பெட்ரோசியனின் அர்மீனிய–ஆங்கில அகராதி. மற்றது 1836–37-இல் இரண்டு தொகுதிகளாக வந்த நோர் பார்கிர்க். அது அர்மீனியத்திலேயே பொருள் சொன்னாலும் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் கிரேக்க, லத்தீன் சொற்களையும் தருவதால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய உபகாரம். நான்காவது ஒரு கோடு போட்ட நோட்டு.

இங்கேயே ஒரு பொறி உண்டு. தேடுபொறியில் அர்மீனிய வேதாகமம் என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் நவீன அர்மீனிய மொழிபெயர்ப்பு. எழுத்து ஒன்றுதான் என்பதால் வித்தியாசம் கண்ணில் படாது. அதை வைத்து உட்கார்ந்தால் கீழே சொல்லும் எதுவும் பொருந்தாது. பார்த்த உடனே கண்டுபிடிக்க ஒரு வழி, ஞானம் என்ற சொல் எப்படி முடிகிறது என்று பார்ப்பது:

```
իմաստութիւն    பழைய எழுத்துமுறை
իմաստություն   1920-களின் சீர்திருத்தத்துக்குப் பிந்தைய எழுத்துமுறை
```

இரண்டாவது வடிவம் இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். முதல் வடிவம் இருந்தாலும் கிரபார்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் நவீன அர்மீனியத்தின் ஒரு கிளையான மேற்கு அர்மீனியம் இன்றும் பழைய எழுத்துமுறையில்தான் எழுதப்படுகிறது. அதனால் இன்னொன்றையும் பாருங்கள்: செயப்படுபொருள் பெயர்களின் முன்னால் ஃஸ் ஒட்டியிருக்கிறதா? அது நவீன மொழியில் இல்லை, கிரபாரில் வரிக்கு வரி உண்டு.

இன்னொரு எச்சரிக்கை. உதவிக்கு நம் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். தமிழ்ப் பழைய ஏற்பாடு எபிரெயத்திலிருந்து வந்தது, அர்மீனியமோ செப்துவஜிந்தோடு போகிறது. நீதிமொழிகளில் இந்த இரண்டும் அடிக்கடி பிரிகின்றன. ஆறாம் அதிகாரத்தில் எறும்பைப் பற்றிச் சொன்ன பிறகு செப்துவஜிந்தில் தேனீயும் வருகிறது, எபிரெயத்தில் தேனீயே கிடையாது. 1:2-இல் பிரச்சினை இல்லை என்றாலும் பழக்கத்தை முதலிலிருந்தே சரியாக வைத்துக்கொள்வது நல்லது.

2. எழுத்தில் எவ்வளவு தெரிந்தால் போதும்

அர்மீனிய எழுத்துகள் முதலில் 36, இடைக்காலத்தில் இரண்டு சேர்ந்து 38. தினமும் அரைமணி நேரம் என்று இரண்டு வாரம் ஒதுக்கினால் சின்ன எழுத்துகள் கைவசமாகிவிடும். பெரிய எழுத்துகள் தானாக வரும். அவசரம் என்றால் விகுதிகளில் வரும் எழுத்துகளை மட்டும் முதலில் பிடியுங்கள்:

```
զ  ஃஸ்      ս  ஸ்      ք  க் (மூச்சோடு)      ց  ட்ஸ் (மூச்சோடு)
ի  இ        է  ஏ       ո  ஒ                  յ  ய்
ւ  வ்/உ     վ  வ்      ն  ன்                 բ  ப் (ஒலிப்போடு)
```

ஆங்கில எழுத்து பழகிய கண்ணுக்கு இதில் மூன்று ஏமாற்றும். ஸ் ஒலிக்கும் எழுத்து u போல இருக்கும், ஒ ஒலிக்கும் எழுத்து n போல இருக்கும், ட்ஸ் எழுத்து g போல இருக்கும். மூன்றுமே விகுதியில் வருகிறவை என்பதால் தவறாக வாசித்தால் வேற்றுமையே மாறிப்போகும்.

கணினியில் தேடும்போது ஒரு வம்பு. ‘உம்’ பொருள் தரும் இணைப்புச் சொல்லைச் சில தளங்கள் இரண்டு எழுத்தாகவும் சில தளங்கள் ஒரே கூட்டெழுத்தாகவும் வைத்திருக்கும். ஒன்றைத் தட்டினால் மற்றது கிடைக்காது. வரி கிடைக்கவில்லை என்றால் இரண்டாவது வடிவத்தையும் தட்டிப் பாருங்கள்:

```
եւ
և
```

3. உருபுகளின் ஒரே ஒரு பட்டியல்

இலக்கணப் புத்தகங்களில் பெயர்ச்சொல் வகைகள் பக்கம் பக்கமாக வரும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யப் போனால் முதல் வரியையே வாசிக்க மாட்டீர்கள். நம் வரியில் வரும் பன், அதாவது ‘சொல்’ என்ற ஒரே பெயரின் வடிவங்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்:

```
              ஒருமை      பன்மை
எழுவாய்       բան        բանք
ஐ             զբան       զբանս
உடைய, கு      բանի       բանից
இருந்து       ի բանէ     ի բանից
இல்           ի բանի     ի բանս
ஆல்           բանիւ      բանիւք
```

தமிழ் வேற்றுமைப் பெயர்களையே பக்கத்தில் போட்டிருக்கிறேன். கிரபாரில் ஏழு வேற்றுமைகள். நம் எட்டில் விளியை எடுத்துவிட்டால் மீதி ஏழும் ஏறக்குறைய நேருக்கு நேர் பொருந்தும். ஆங்கில வழியாகப் படிக்கிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

பட்டியலை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஒருமையில் எழுவாய்க்கும் ‘ஐ’க்கும் சொல்லின் கடைசியில் வித்தியாசமே இல்லை, முன்னால் ஒட்டும் ஃஸ் மட்டும்தான். ‘உடைய’வும் ‘கு’வும் ஒன்றேதான். பன்மையில் ‘ஐ’யும் ‘இல்’லும் ஒன்றாக ஸ் என்று முடிகின்றன, ‘உடைய’, ‘கு’, ‘இருந்து’ மூன்றும் ட்ஸ் என்று முடிகின்றன. ஆக, விகுதியைப் பார்த்த மாத்திரத்தில் ஒரே விடை கிடைப்பது அபூர்வம். இரண்டோ மூன்றோ சாத்தியங்கள் கிடைக்கும். மீதியை முன்னொட்டும் கிரேக்கமும் தீர்க்க வேண்டும்.

எல்லாப் பெயருக்கும் இதே உயிர் வராது. இந்தப் பெயர் இ-வகை, அதனால் -இ, -இட்ஸ். ஒ-வகைப் பெயர் -ஒய், -ஒட்ஸ் என்றும் உ-வகைப் பெயர் -உ, -உட்ஸ் என்றும் போகும். மெய் அதே, உயிர்தான் மாறும். எது எந்த வகை என்பதை அகராதி சொல்லும்.

4. வரியை உடைப்பது: முன்னால், அப்புறம் பின்னால்

இப்போது கிரேக்க வரியை ஒரு தாளால் மூடிவிடுங்கள். நிஜமாகவே மூடுங்கள். கிரேக்கம் கண்ணெதிரே இருந்தால் அர்மீனிய விகுதியைப் பார்க்காமலே விடை எழுதிவிடுவோம், வாசித்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பும் வந்துவிடும்.

நோட்டில் நான்கு பத்திகள் போடுங்கள்: சொல், முன்னொட்டு, விகுதி, சாத்தியமான வேற்றுமைகள். ஒவ்வொரு சொல்லிலும் முதலில் முன்பக்கம் பாருங்கள், அப்புறம்தான் பின்பக்கம். அர்மீனியத்தில் உருபின் பாதி வேலை சொல்லுக்கு முன்னால் நடக்கிறது. எல்லா உருபையும் சொல்லின் கடைசியில் தேடிப் பழகிய நமக்கு இது உடனே வராது.

```
Ճանաչել        -        -ել     வினை: அறிதல்
զիմաստութիւն   զ-       -       ஐ, ஒருமை
եւ             -        -       உம்
զխրատ          զ-       -       ஐ, ஒருமை
իմանալ         -        -ալ     வினை: உணர்தல்
զբանս          զ-       -ս      ஐ, பன்மை? ஒருமை + இந்த?
հանճարոյ       -        -ոյ     உடைய? கு? இருந்து?
```

வினை இரண்டும் சுலபம். -எல், -அல் என்று முடிவது தொழிற்பெயர் மாதிரியான வடிவம்: அறிதல், உணர்தல். காலமோ ஆளோ காட்டாது.

இரண்டு பெயர்கள் முன்னால் ஃஸ் வாங்கி, பின்னால் எதுவும் வாங்காமல் நிற்கின்றன. அவை ‘ஐ’ ஒருமை, சந்தேகமில்லை. இந்த ஃஸ் நம் ஐ உருபு மாதிரியே நடந்துகொள்ளும். காப்பி குடித்தேன் என்கிறோம், ஆனால் எடுத்துவைத்த அந்தக் காப்பி என்றால் காப்பியைக் குடித்தேன் என்கிறோம். அர்மீனியமும் குறிப்பான செயப்படுபொருளுக்கு ஃஸ் போடும், பொதுவாகச் சொன்னால் விட்டுவிடும். இன்னொன்று, இரண்டு பெயர்களை ‘உம்’ போட்டுச் சேர்த்தால் இரண்டிலும் தனித்தனியாக ஃஸ் வந்திருப்பதைக் கவனியுங்கள். ஞானத்தையும் போதனையையும் என்று நாம் சொல்வதைப் போலத்தான்.

ஃஸ் பற்றி இரண்டு பொறிகள். ஒன்று, ஃஸ் தொடக்கத்தில் இருந்தாலே முன்னொட்டு என்று வெட்டிவிடக் கூடாது. கீழே உள்ள இரண்டிலும் அது சொல்லின் சொந்த எழுத்து:

```
զօրութիւն   வல்லமை
զաւակ       சந்ததி
```

வெட்டிய மீதி அகராதியில் இல்லையென்றால் வெட்டாமல் ஃஸ் வரிசையிலேயே தேடுங்கள். இரண்டாவது பொறி, ஃஸ் எப்போதும் ‘ஐ’ அல்ல. ‘இருந்து’ வடிவத்தோடு வந்தால் ‘பற்றி’ என்றும், ‘ஆல்’ வடிவத்தோடு வந்தால் ‘சுற்றி’ என்றும் பொருள். அதனால்தான் முன்னொட்டைப் பார்த்ததும் முடிவு கட்டாமல் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்கிறேன். நம் வரியில் மூன்று இடத்திலும் அது ‘ஐ’தான்.

இனி வருவதுதான் இந்த வரியின் முடிச்சு. ஃஸ்பன்ஸ் என்பதில் கடைசி ஸ் பன்மையைக் காட்டும் விகுதியாக இருக்கலாம்: ‘சொற்களை’. ஆனால் அர்மீனியத்தில் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும் மூன்று சுட்டுகள் உண்டு. பேசுகிறவர் பக்கத்தில் இருப்பதற்கு ஸ், கேட்கிறவர் பக்கத்தில் இருப்பதற்கு த், தள்ளி இருப்பதற்கு ன். அந்த ஸ் என்று எடுத்தால் இதே எழுத்துகளுக்கு ‘இந்தச் சொல்லை’ என்று பொருள் வந்துவிடும். வடிவத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டையும் எழுதி, கேள்விக்குறி போட்டு விட்டுவிடுங்கள்.

கடைசிச் சொல்லில் -ஒய் இருக்கிறது. ஒ-வகைப் பெயரில் -ஒய் என்பது ‘உடைய’, ‘கு’, ‘இருந்து’ மூன்றுக்கும் பொது. இதில் ‘இருந்து’ வர வேண்டுமானால் முன்னால் இ என்ற தனிச்சொல்லோ, உயிரில் தொடங்கும் பெயராக இருந்தால் ய்- என்ற ஒட்டோ இருந்திருக்க வேண்டும். இல்லை. ஆகவே அதை அடித்துவிடலாம். மீதி இரண்டு.

5. தாளை எடுத்துவிட்டுக் கிரேக்கத்தைப் பாருங்கள்

இப்போது கிரேக்கம் பேசட்டும். அர்மீனியச் சொல்லுக்கு நேரே கிரேக்கச் சொல்லை எழுதுங்கள்:

```
զիմաստութիւն   σοφίαν       -αν    ஐ, ஒருமை
զխրատ          παιδείαν     -αν    ஐ, ஒருமை
զբանս          λόγους       -ους   ஐ, பன்மை
հանճարոյ       φρονήσεως    -εως   உடைய, ஒருமை
```

கேள்விக்குறி போட்ட இரண்டு இடமும் தீர்ந்துவிட்டன. கிரேக்கத்தில் -ους பன்மை, சுட்டுச் சொல் எதுவும் இல்லை. எனவே ஃஸ்பன்ஸ் என்றால் ‘சொற்களை’. கிரேக்கத்தில் -εως ‘உடைய’ என்பதால் கடைசிச் சொல் ‘விவேகத்தின்’. வரி இப்படி வருகிறது: ஞானத்தையும் போதனையையும் அறிதல், விவேகத்தின் சொற்களை உணர்தல்.

கிரேக்கத்தைக் கேட்கும்போது எதைக் கேட்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிரேக்கப் பெயருக்கு ஆண்பால், பெண்பால் எல்லாம் உண்டு, அர்மீனியத்தில் பாலே கிடையாது, அதனால் அந்தத் தகவல் இங்கே பயன்படாது. கிரேக்க வினை இரண்டும் ஒரு தடவை முடிந்த செயலாகக் காட்டும் அஓரிஸ்து வடிவம், அர்மீனியத் தொழிற்பெயருக்கு அந்த வேறுபாடு காட்ட வழியில்லை. வரியின் நடுவில் இருக்கும் τε என்ற சின்னச் சொல்லுக்கு நேராக அர்மீனியத்தில் எதுவுமே இல்லை. மொழிபெயர்த்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். சொல்லுக்குச் சொல் எண்ணி வைத்துக்கொண்டு போனால் இந்த இடத்தில் ஒரு கட்டம் தள்ளிப்போய், அடுத்த இரண்டு சொற்களும் தப்பான ஜோடியோடு உட்கார்ந்துவிடும்.

முக்கியமாக, ஃஸ் என்பது கிரேக்கச் சுட்டான τόν, τήν போன்றவற்றின் மொழிபெயர்ப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த வரியே அதற்கு மறுப்பு. கிரேக்கத்தில் ஒரு சுட்டுகூட இல்லை, அர்மீனியத்தில் மூன்று ஃஸ்.

6. அகராதியில் எப்படித் தேடுவது

முன்னொட்டை எடுத்துவிட்டு எழுவாய் ஒருமை வடிவத்தில் தேட வேண்டும். நம் வரியின் கடைசிச் சொல்லை -ஒய் இல்லாமல், ஃஸ்பன்ஸ் என்பதை முன்னும் பின்னும் வெட்டிவிட்டு. பெட்ரோசியனில் தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஒட்டுத்துண்டு மாதிரி இரண்டு மூன்று எழுத்துகள் நிற்கும். அவை ‘உடைய’ முதலான விகுதிகள். அதைப் பார்த்தால் சொல் எந்த உயிர் வகை என்று தெரிந்துவிடும். நீங்கள் வரியில் கண்ட விகுதி அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் நீங்கள் வெட்டிய இடம் தப்பு, அல்லது வேறு சொல்லைப் பிடித்துவிட்டீர்கள். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம்தான் ஆகும், பெரும்பாலான தவறுகள் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

முழுப் பட்டியலாகவே பார்க்க வேண்டும் என்றால் en.wiktionary.org தளத்தில் Old Armenian என்ற தலைப்பின் கீழே பல சொற்களுக்கு எல்லா வேற்றுமை வடிவமும் இருக்கும். அதே பக்கத்தில் Armenian என்று தனித் தலைப்பும் இருக்கும், அது நவீன மொழி. அவசரத்தில் அதைப் பார்த்துவிடாதீர்கள்.

தேடியும் கிடைக்காத சொல் என்றால் முக்கால்வாசி நேரம் காரணம் உயிர் தேய்வு. விகுதி சேரும்போது கடைசி அசையில் இருந்த இ அல்லது உ விழுந்துவிடும், ஏ என்பது இ ஆகிவிடும்:

```
Դաւիթ   →  Դաւթի      தாவீது, தாவீதின்
սկիզբն  →  սկզբան     தொடக்கம், தொடக்கத்தின்
սէր     →  սիրոյ      அன்பு, அன்பின்
```

மெய்யெழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும் சொல்லைப் பார்த்தால், நடுவில் ஒரு இ போட்டுத் தேடுங்கள், அப்புறம் உ போட்டுத் தேடுங்கள்.

7. இதே முறையில் முந்தைய வசனம்

கையோடு நீதிமொழிகள் 1:1-இன் முதல் பாதியையும் செய்துவிடுங்கள். நான்கே சொற்கள்.

```
Առակք Սողոմոնի որդւոյ Դաւթի
Παροιμίαι Σαλωμῶντος υἱοῦ Δαυιδ
```

முதல் சொல் -க் என்று முடிகிறது, முன்னால் ஃஸ் இல்லை. எழுவாய்ப் பன்மை: நீதிமொழிகள். அடுத்த மூன்றும் ‘உடைய’ வடிவம், ஆனால் மூன்றும் ஒரே காரணத்துக்காக இல்லை. சாலொமோன் அந்த உருபை வாங்குவது நீதிமொழிகள் அவருடையவை என்பதால். மகன் என்ற சொல் வாங்குவது சாலொமோனுக்குப் பக்கத்தில் அவரையே குறித்து நிற்பதால். தாவீது வாங்குவது மகன் அவருடையவன் என்பதால். தமிழில் ‘தாவீதின் மகனான சாலொமோனின்’ என்று சொல்லும்போது மகன் உருபு வாங்குவதில்லை, ‘ஆன’ போட்டு ஒட்டிவிடுகிறோம். அதனால் அர்மீனியத்தில் மகனுக்கும் உருபு இருப்பதைப் பார்த்து ‘மகனுடைய’ என்று இன்னொரு உறவை உண்டாக்கிவிடக் கூடும். ஒரே ஆளைக் குறிக்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்தால் அர்மீனியமும் கிரேக்கமும் இரண்டுக்கும் ஒரே வேற்றுமையைப் போடும்.

இங்கே ஒரு வேடிக்கை. கடைசிச் சொல்லுக்குக் கிரேக்கத்தைக் கேட்டால் பதில் வராது. Δαυιδ எபிரெயப் பெயர், கிரேக்கத்தில் எந்த வேற்றுமைக்கும் மாறாமல் அப்படியே நிற்கும். அர்மீனியமோ -இ போட்டு ‘தாவீதின்’ என்று தெளிவாகக் காட்டுகிறது. வேதாகமத்தில் இப்படி உருபு ஏற்காத பெயர்கள் நிறைய. வம்ச வரலாறு வரும் இடங்களில் அர்மீனியத்தை வைத்துக் கிரேக்கத்தைப் புரிந்துகொள்ளும்படி ஆகிவிடும்.

8. இரண்டும் ஒத்துப்போகாத இடம்

கிரேக்கத்தை மூடிவைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னதற்கு உண்மையான காரணம் இது. ஆதியாகமம் 1:1:

```
Ի սկզբանէ արար Աստուած զերկին եւ զերկիր
Ἐν ἀρχῇ ἐποίησεν ὁ θεὸς τὸν οὐρανὸν καὶ τὴν γῆν
```

கிரேக்கத்தை முதலில் பார்த்தவர் ‘ἐν உடன் வந்திருக்கிறது, எனவே தொடக்கத்தில், எனவே அர்மீனியத்திலும் இல் வேற்றுமை’ என்று எழுதிவிடுவார். அர்மீனியத்தின் முன்னால் இருக்கும் இ அதற்கு இடம் கொடுப்பது போலவே தெரியும். ஆனால் இந்த இ தனியாக எதையும் தீர்மானிக்காது. பின்னால் வரும் வடிவத்தைப் பொறுத்து ‘உள்ளே நோக்கி’, ‘இல்’, ‘இருந்து’ மூன்றில் எதுவாகவும் இருக்கும். கிரேக்கத்தில் இதற்கு εἰς, ἐν, ἐκ என்று மூன்று தனிச்சொற்கள். அர்மீனியம் ஒன்றையே வைத்துக்கொண்டு விகுதியில் பிரித்துக் காட்டுகிறது. இங்கே விகுதி -ஏ. நம் பட்டியலில் -ஏ ஒரே இடத்தில்தான் இருக்கிறது: ‘இருந்து’. அதாவது வடிவத்தால் இது தொடக்கத்திலிருந்து, பொருளால் ‘ஆதியில்’. அர்மீனியத்தில் அப்படித்தான் சொல்வது வழக்கம். மொழிபெயர்த்தவர்கள் கிரேக்க உருபை நகலெடுக்காமல் தங்கள் மொழி வழக்கைப் போட்டிருக்கிறார்கள். யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்திலும் இதே தொடர் இதே வடிவத்தில் வரும்.

இந்த வரியில் இன்னொன்றையும் பாருங்கள். படைத்தது யார்? எழுவாயும் ‘ஐ’யும் ஒருமையில் ஒரே வடிவம் என்று முன்பே சொன்னேன். வினைக்குப் பிறகு மூன்று பெயர்கள் வருகின்றன. இரண்டில் ஃஸ் இருக்கிறது, ஒன்றில் இல்லை. இல்லாதவர் கடவுள், அவர்தான் எழுவாய். சொல்வரிசையை நம்பாதீர்கள், ஃஸ்ஸை நம்புங்கள்.

நோட்டில் எழுதும்போது ஒத்துப்போகாத இடத்தை அழித்துத் திருத்தாமல் இரண்டு விடையையும் வைத்திருங்கள்: அர்மீனியம் ‘இருந்து’, கிரேக்கம் ‘இல்’. பெரும்பாலும் காரணம் அர்மீனிய வழக்காக இருக்கும். எப்போதும் அப்படி இருக்காது. மொழிபெயர்த்தவர்கள் கையில் இருந்த கிரேக்கப் படி இன்று நாம் வாசிக்கும் ரால்ஃப்ஸ் பதிப்பு அல்ல. சில புத்தகங்களில் சிரியாக் மொழிபெயர்ப்பின் சாயலும் உண்டு. உருபு மட்டும் மாறி, சொல் அதே என்றால் வழக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். சொல்லே வேறாக இருந்தாலோ, ஒரு சொல் கூடுதலாக இருந்தாலோ ரால்ஃப்ஸ் அச்சுப் பதிப்பில் பக்கத்தின் அடியில் இருக்கும் வேறுபாட்டுக் குறிப்புகளைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

9. எவ்வளவு நேரம் ஆகும், அடுத்து எதை எடுப்பது

எழுத்து ஓரளவு பழகிய பிறகு முதல் வரிக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பெரும்பகுதி அகராதியில்தான் போகும். இரண்டாவது, மூன்றாவது வரிக்கு நேரம் சட்டென்று குறையும், ஏனென்றால் ஃஸ், -ஸ், -க், -ட்ஸ், -ஒய் இவையே திரும்பத் திரும்ப வரும்.

அடுத்து சங்கீதங்களுக்குத் தாவ வேண்டாம். அங்கே சங்கீத எண்களே தமிழ் வேதாகமத்தோடு ஒத்துவராது. செப்துவஜிந்து ஒன்பதாம் பத்தாம் சங்கீதங்களை ஒன்றாக்கி எண்ணுவதால் நடுவில் நீண்ட தூரத்துக்கு ஓர் எண் பின்தங்கி ஓடும், அர்மீனியமும் அதையே பின்பற்றுகிறது. ஆதியாகமம் முதல் அதிகாரம் நல்லது: சொற்கள் குறைவு, அவையே சுற்றிச் சுற்றி வரும், ஃஸ்ஸும் இ-யும் வேண்டிய மட்டும் கிடைக்கும். ஐந்தாம் வசனம் வரை முடித்துவிட்டால் பட்டியலைப் புரட்டாமலே முன்னொட்டு கண்ணில் பட ஆரம்பிக்கும்.